ஷூவுக்குள் விடும் ஈர்க்குச்சி

கேள்வி: பையனுக்கு ஸ்கூல் ஷூ ஒரு சைஸ் பெரிசா வாங்கினா வருஷம் முழுக்க வருமா? கடையில எப்படிப் பார்த்து வாங்குறது, எப்போ மாத்துறது?

பெரிசா வாங்கி நான் பட்டிருக்கிறேன். மகள் ஒன்றாவது படிக்கும்போது முன்பக்கம் பஞ்சு அடைத்து அனுப்பினேன். குதிகால் உள்ளே மேலும் கீழும் உரசி, ஒரே வாரத்தில் கொப்புளம்.

கடைக்காரர் ஷூ முனையைக் கட்டைவிரலால் அமுக்கி "இடம் இருக்குக்கா" என்பார். அதை நம்ப வேண்டாம். அமுக்கினதுமே பிள்ளைகள் விரலை மடக்கிக்கொள்வார்கள். கறுப்பு ஷூவின் முனையும் கெட்டி, உள்ளே விரல் எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

நான் வீட்டிலேயே சாயங்காலம் அளந்துவிடுவேன், அப்போதுதான் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். ஸ்கூல் சாக்ஸோடு, குதிகால் சுவரில் ஒட்ட, பேப்பர் மேல் நிற்கவைத்து நீளமான விரலின் முனையில் கோடு. சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். போன ஜூனில் அவள் மூணாவது. இடது கால் 19.8 செ.மீ., வலது 20.1. பெரிய காலோடு 1 செ.மீ. சேர்த்து, 21.1-க்கு ஒரு ஈர்க்குச்சியை விளக்குமாற்றிலிருந்து ஒடித்துக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குப் போனேன்.

கடையில் "ரெண்டு வருஷம் வரும்" என்று 1-ஆம் நம்பரை நீட்டினார்கள். பிள்ளைகள் சைஸ் 13-இல் முடிந்து மறுபடி 1-இலிருந்து ஓடும். ஒரு நம்பருக்கு முக்கால் செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். அதில் குச்சியை விட்டால் முன்னால் கிட்டத்தட்ட 1 செ.மீ. காலி. நடக்கச் சொன்னேன், குதிகால் கழன்று கழன்று வந்தது. 13-இல் குச்சி மடங்காமல் அளவாகப் படுத்தது. குதிகாலைப் பின்னால் தட்டி லேஸ் கட்டினதும் ஆடவில்லை. அதையே எடுத்தேன். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்பதால், நம்பரைவிட எனக்குக் குச்சி முக்கியம்.

இனி மாற்றுவது. பிள்ளைகள் "கடிக்குது" என்று சொல்லமாட்டார்கள், விரலை மடக்கியே ஓட்டுவார்கள். அதனால் காலாண்டு, அரையாண்டு லீவில் உள்ளே இருக்கும் அட்டையை உருவி, அதன் மேல் நிற்கவைத்துப் பார்ப்பேன். அட்டை ஒட்டியிருந்தால் பாதத்தை மறுபடி அளந்து பழைய குச்சியோடு வைத்துப் பார்த்தாலே போதும். விரலுக்கு முன்னால் அரை செ.மீ.கூட இல்லையென்றால் மாற்றிவிடுவேன். விரல் அச்சு அட்டையின் விளிம்பைத் தொட்டிருந்தாலும் அப்படித்தான். மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் நடந்து அடி பிளந்திருந்தால் அளவே பார்க்கவேண்டாம்.

அவளுக்கு அரையாண்டு லீவிலேயே வலது கால் 20.7 வந்துவிட்டது. அப்போதுதான் அந்த 1-ஆம் நம்பரை வாங்கினேன். 13-ஐத் தம்பிக்கு எடுத்துவைக்கவில்லை. அக்காள் மிதித்த பள்ளமும் ஒரு பக்கம் தேய்ந்த குதியும் அவன் காலை எங்கோ இழுக்கும்.