சிட்காம் அப்பா எப்போது முட்டாளானார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய அமெரிக்க சிட்காம்களில் அப்பா என்றால் மரியாதைக்குரியவர், சொன்னால் வீடே கேட்கும். இப்போது பார்த்தால் அவர்தான் வீட்டின் கோமாளி, எல்லாம் தெரிந்தவர் அம்மா. பெண்கள் வேலைக்குப் போனதால் வந்த மாற்றம் இது என்று நினைக்கிறேன். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோமாளி அப்பா புதியவர் இல்லை. நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்த மரியாதைக்குரிய அப்பாவுக்கும் முன்னால் வந்தவர் அவர்.

'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று தலைப்பே சொல்கிறது. ஆனால் 1949-ல் வானொலியில் அது தொடங்கியபோது தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அப்பாவுக்குத் தெரியுமா என்ன, என்கிற கிண்டல். 1954-ல் தொலைக்காட்சிக்கு வந்தபோது கேள்விக்குறி போய்விட்டது, அப்பாவும் நிதானமான, விவேகமான மனிதராகிவிட்டார். அசட்டு அப்பா அதற்குள் பார்ப்பவர்களுக்குச் சலித்துப்போயிருந்தார் என்பது ஒரு காரணம். நாயகனாக நடித்த ராபர்ட் யங்குக்கும் இன்னொரு அசடாக வர விருப்பமில்லை.

அதே காலத்தில்தான், 1955-ல், 'தி ஹனிமூனர்ஸ்' வந்தது. ரால்ஃப் கிராம்டன் பேருந்து ஓட்டுநர். ஒரு மேசை, பழைய ஐஸ் பெட்டி என்று வெறிச்சோடிய ஒரே அறையில் முக்கால்வாசிக் கதையும் நடக்கும். சீக்கிரம் பணக்காரனாக ஏதாவது திட்டம் போடுவான். அது தேறாது என்று மனைவி ஆலிஸ் முதலிலேயே சொல்வாள். கத்துவான், மிரட்டுவான், கடைசியில் அவள் சொன்னதுதான் நடக்கும்.

ரால்ஃப் அப்பா இல்லை, கணவன் மட்டும்தான். ஆனாலும் இரண்டு வீட்டுத் தலைவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விவேகமானவர் காப்பீட்டு முகவர், கோட்டு போட்டவர். அசடு, உடலுழைப்பில் பிழைப்பவன். கல் குவாரியில் வேலை செய்யும் ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோன், 1971-ல் வந்த 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரின் ஆர்ச்சி பங்கர், அப்புறம் ஹோமர் சிம்ப்சன் என்று அந்த வரிசை நீள்கிறது. 1984-ன் 'தி காஸ்பி ஷோ'வில் அப்பா மருத்துவர், அதனால் அவருக்கு விவேகமும் உண்டு. யார் முட்டாள் என்பதைப் பல காலம் தீர்மானித்தது சம்பளமும் சட்டையும்தான். எனக்கு இதில் கோபமே உண்டு. தொழிலாளியின் வீட்டைக் காட்டும்போதெல்லாம் அவனுடைய ஆண்மையைச் சிரிப்புக்கு விற்றிருக்கிறார்கள்.

உண்மையான மாற்றம் 90-களில் வந்தது. நடுத்தர வர்க்க அப்பாவும் அசடானார். 1996-ல் தொடங்கிய 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' தொடரின் ரே விளையாட்டுச் செய்தியாளர், நன்றாகச் சம்பாதிப்பவர். மனைவி டெப்ரா வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். உங்கள் விளக்கம் இடறுவது இங்கேதான். அவள் சம்பாதிக்காத வீட்டிலும் அவன்தான் அசடு.

அதில் 2003-ல் வந்த 'பேகேஜ்' என்ற பகுதியைப் பாருங்கள். வெளியூர் போய்த் திரும்பியவர்கள் பெட்டியை மாடிப்படித் திருப்பத்தில் வைத்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் அது அங்கேயே கிடக்கிறது. அவன் எடுப்பான் என்று அவள், அவள் எடுப்பாள் என்று அவன். எடுக்காமலே அவளை எடுக்க வைக்க, நாறும் சீஸை பெட்டிக்குள் போடுகிறான் ரே. மாமியார் மேரி வந்து, தன் சமையலறைச் சுவரில் தொங்கும் பெரிய மரக்கரண்டியும் முட்கரண்டியும் இப்படி ஒரு சண்டையின் மிச்சம்தான் என்கிறாள். கதை மொத்தமும் ஒரே ஒரு கேள்வி: இது யார் வேலை?

50-களின் சிட்காமில் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வேலைப் பங்கு எழுதிவைத்ததுபோல் இருந்தது. ஆனால் அசட்டுக் கணவன் வந்ததால் மனைவிக்கு விடுதலை வந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். அவனுக்கு எதுவும் தெரியாது என்பதால்தான் எல்லாம் அவள் தலையில் விழுகிறது. வீட்டுவேலையிலிருந்து தப்பிக்க அசட்டுத்தனம் நல்ல சாக்கு. போதாததற்கு, அவள் ஓயாமல் குறை சொல்பவளாகவும் தெரிவாள்.

1988-ல் வந்த 'ரோசன்' தொடரின் முதல் பகுதி இதை நேர்மையாகக் கையாண்டது. ரோசன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மகளின் ஆசிரியையைப் பார்க்க வேலையிலிருந்து நேரம் கேட்டுப் போவது அவள்தான். அடைத்துக்கொண்ட சமையலறைத் தொட்டியைச் சரிசெய்வதாகச் சொன்ன கணவன் டான் செய்யவில்லை. ஆனால் டானை யாரும் முட்டாளாக்கவில்லை. அவன் விவரமானவன், அன்பானவன், இருந்தும் செய்யவில்லை. அதனால் அந்தச் சண்டையில் அவள் பக்கம் நியாயமாகவும் அவன் பக்கம் மனிதத்தன்மையோடும் நிற்கிறது.

இனி ஏதாவது சிட்காம் பார்க்கும்போது, அப்பா சொதப்பியதும் சிரிப்பொலி வருமே, அது அடங்கிய பிறகு சிதறிக்கிடப்பதை யார் அள்ளுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் கேமரா அதற்கு முன்பே அடுத்த காட்சிக்குப் போயிருக்கும்.