தீயா, கரையானா?

அன்புள்ள ஐயா,
அலெக்சாந்திரியா நூலகத்தை சீசர் எரித்ததால்தான் பழைய கிரேக்க நூல்கள் அழிந்தன என்று படித்தேன். ஒரே ஒரு தீ இவ்வளவையும் அழித்திருக்க முடியுமா? மற்ற ஊர்களில் வேறு பிரதிகள் இருந்திருக்காதா?
கா.

அன்புள்ள கா.,

இருந்தன. அந்த நூலகமே மற்ற ஊர்ப் பிரதிகளைக் கொண்டு வளர்ந்ததுதான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் கிடைத்த சுருள்களை அரசர் எடுத்துக்கொள்வார், நகலெடுத்து நகலைத்தான் உரியவரிடம் கொடுப்பார் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் இன்னொரு கதை: ஏதென்ஸ் நகரத்திடம் 15 தாலந்து வெள்ளியை, அதாவது சுமார் 390 கிலோவை, ஈடாக வைத்து மூன்று பெரும் நாடக ஆசிரியர்களின் சுருள்களை இரவல் வாங்கினார் எகிப்து அரசர் தாலமி. அப்புறம் நல்ல தாளில் எழுதிய புது நகல்களை அனுப்பிவிட்டு, மூலத்தைத் தானே வைத்துக்கொண்டார். வெள்ளி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கி.மு. 48இல் சீசர் மூட்டிய தீயில் ஓரளவு சேதம் நடந்திருக்கலாம். ஆனால் பெரிய இழப்பு வேறு வழியில் வந்தது என்றே நினைக்கிறேன். அந்தச் சுருள்கள் நாணல் போன்ற செடியில் செய்த பப்பைரஸ் தாள்; அது ஈரத்தில் மட்கும், பூச்சி அரிக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து கையால் திரும்ப எழுதினால்தான் நூல் பிழைக்கும். சுருளை விட்டுத் தைத்த ஏட்டுப் புத்தகத்துக்கு மக்கள் மாறிய நூற்றாண்டுகளில், மாற்றி எழுதப்படாதவை சுருளோடு போயின.

அந்த மூன்று நாடக ஆசிரியர்களில் ஒருவரான யூரிப்பிடிஸைப் பாருங்கள். சுமார் 90 நாடகங்கள் எழுதியவர். இன்று முழுதாக இருப்பவை 19. அதிலும் ஒன்று அவருடையதா என்ற சந்தேகம் உண்டு. இவற்றில் 10 பள்ளிகளில் படிக்கத் தேர்ந்தெடுத்த தொகுப்பில் இருந்ததால் பலமுறை நகலெடுக்கப்பட்டுப் பிழைத்தன. மீதி 9 நாடகங்களின் தலைப்புகளைக் கிரேக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லாம் எப்சிலான், ஈட்டா, அயோட்டா, காப்பா ஆகிய நான்கு எழுத்துகளில் தொடங்குகின்றன. ஹெலன், எலெக்ட்ரா, அயோன், சைக்ளோப்ஸ் என்று. நல்ல நாடகம் என்று யாரும் பொறுக்கியதல்ல இது. அகரவரிசையில் அடுக்கிய முழுத் தொகுப்பு ஒன்று எங்கோ இருந்திருக்கிறது. அதன் நடுப்பகுதி மட்டும் ஒருவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு சுவடியால்தான் அந்த ஒன்பதும் நம்மிடம் வந்து சேர்ந்தன. அது இப்போது ஃபுளோரன்ஸில் இருக்கிறது. இதை முதலில் அறிந்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது.

இந்த இரண்டு வழியிலும் வராத அவருடைய இன்னொரு நாடகம் 'ஹிப்சிபிலி'. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் பழைய குப்பைமேட்டு மணலில், கிழிந்த துண்டுகளாக அதன் கணிசமான பகுதி கிடைத்து 1908இல் அச்சானது. மழை அதிகம் இல்லாத மண் என்பதால் மட்கவில்லை. யாரோ கணக்கு எழுதி முடித்த சுருளின் பின்பக்கத்தில் அந்த நாடகத்தை எழுதி வைத்திருந்தார்கள்.