கோதுமை பீரில் வாழைப்பழ மணம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் அலுவல் நிமித்தமாக மியூனிக் சென்றிருந்தபோது அங்கே கோதுமை பீர் குடித்தேன். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் தெளிவாக இருந்தது. எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்றார் உடன் வந்தவர். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் தவிர வேறெதுவும் இல்லை என்றார் பரிமாறியவர். யார் சொன்னது சரி? இம்மூன்றில் எது எந்த மணத்தைத் தருகிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

பரிமாறியவர் சொன்னதே சரி. நீங்கள் முகர்ந்த இரண்டு மணங்களும் ஈஸ்ட் உண்டாக்கியவை. அவற்றில் கிராம்பு மணத்துக்கு மட்டும், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் உதவி தேவைப்படுகிறது.

வாழைப்பழ மணத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட், வாழைப்பழத்திலேயே இருக்கும் அதே சேர்மம்தான். சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வேலையினூடே ஈஸ்ட் இதைப் பக்க விளைபொருளாக உருவாக்குகிறது. எல்லா ஈஸ்டுகளும் ஓரளவு உருவாக்கினாலும், பவேரியக் கோதுமை பீருக்கான ஈஸ்ட் இதைத் தாராளமாகச் செய்கிறது. நொதித்தலின் வெப்பநிலை 18 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்கு உயர்ந்தால் வாழைப்பழ மணம் பொதுவாகக் கூடும். உயரமான மூடிய கலன்களில் கரியமில வாயுவின் அழுத்தம் இந்த மணத்தை அடக்குவதால், சில பழைய மதுவடிப்பகங்கள் இன்றும் ஆழமற்ற திறந்த தொட்டிகளிலேயே நொதிக்க விடுகின்றன.

கிராம்பு மணத்தின் கதை இன்னும் சுவையானது. மால்ட் தானியத்தின் செல்சுவர்களில் ஃபெருலிக் அமிலம் பிணைந்திருக்கிறது. அரைத்த மால்ட்டை வெந்நீரில் கலக்கும்போது, சர்க்கரை உருவாவதற்கான 65 டிகிரிக்கு நேரடியாகப் போகாமல், முதலில் 44 டிகிரி அளவில் கால் மணி நேரம் நிறுத்தினால், நொதிகள் அந்த அமிலத்தை விடுவித்துச் சாற்றில் கலக்கவிடும். கோதுமை பீர் ஈஸ்ட் அதை 4-வினைல்குவாயகால் என்ற கிராம்பு மணப் பொருளாக மாற்றுகிறது. ஆக, வடிப்பவர் கிராம்பைக் கூட்ட வேண்டுமானால் மால்ட்டை ஊறவைக்கும் கட்டத்திலும், வாழைப்பழத்தைக் கூட்ட வேண்டுமானால் நொதிக்கும் கட்டத்திலும் கைவைக்கிறார்.

இதே மால்ட் சாற்றில் பாதியை எடுத்து, லாகர் வகை பீருக்கான ஈஸ்டை இட்டு 10 டிகிரியில் நொதிக்க விட்டால், வாழைப்பழம் ஏறக்குறைய மறைந்துவிடும். கிராம்பு வரவே வராது, ஏனெனில் ஃபெருலிக் அமிலத்தை மாற்றும் திறன் லாகர் ஈஸ்டுக்கு இல்லை. எனவேதான் பில்ஸ்னர் என்ற லாகர் வகை பீரில் கிராம்பு வாசனை அடித்தால், காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது என்று வடிப்பவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். ஓரிடத்தில் சிறப்பாகக் கொண்டாடப்படும் மணமே இன்னோரிடத்தில் குறையாகிவிடுகிறது.

லாகர் ஈஸ்ட் இட்ட அந்தப் பாதியில் எஞ்சுவது பெரும்பாலும் மால்ட்டின் சுவைதான். முளைகட்டிய தானியத்தை எவ்வளவு சூட்டில் உலர்த்தினார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. 80 டிகிரி அளவில் உலர்த்திய வெளிர் மால்ட் பச்சைத் தானியமும் மெல்லிய தேனும் கலந்த சாயலைத் தரும். 100 டிகிரியைத் தாண்டும் மியூனிக் மால்ட்டில், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து, சுட்ட ரொட்டியின் மேலோடு போன்ற மணம் பிறக்கிறது. ஜெர்மனியில் கோதுமை பீர் என்று விற்க மால்ட்டில் பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும். அதன் புரதங்கள் கலங்கலுக்கும் நிலைத்த நுரைக்கும் உதவுகின்றன.

ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், உங்கள் கோப்பையில் அது பின்வரிசையில் இருந்ததுதான். ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் அதன் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகும். ஆனால் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். பவேரியக் கோதுமை பீரில் பெரும்பாலும் இனிப்பைச் சமன்செய்யும் அளவுக்கு மட்டுமே ஹாப்ஸ் இடுகிறார்கள். செக் நாட்டின் பில்சன் நகரத்துப் பீரில் இருப்பது அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கசப்பு. அங்கே சாட்ஸ் வகை ஹாப்ஸின் மூலிகை மணத்தையும் உணரலாம். மாம்பழ, எலுமிச்சை மணம் வீசும் இன்றைய அமெரிக்க ஐ.பி.ஏ. வகை பீர்களில் ஹாப்ஸைக் கொதி முடியும் தறுவாயிலும், சாறு ஆறி நொதித்த பிறகும் சேர்க்கிறார்கள். எனக்கு அவற்றில் பல ஒரே பழச்சாறாகத் தோன்றுகின்றன, அது என் நாவின் குறையாகவும் இருக்கலாம்.

அதே பீரை இங்கே வாங்கிக் குடிக்கும்போது வாழைப்பழம் மெலிந்திருந்தால் வியக்க வேண்டாம். அடியில் உயிருள்ள ஈஸ்ட் தங்கியிருக்கும் புட்டிகளில், அந்த ஈஸ்டின் நொதிகளே ஐசோஅமைல் அசிடேட்டைச் சில மாதங்களில் சிதைத்துவிடுகின்றன. கிராம்பு மணமும் நாள்பட மங்கிப்போகும். புட்டியின் தேதியைப் பார்த்து, கிடைப்பதில் புதியதை வாங்குங்கள்.