இரவு குளிர்ந்தும் ஆப்பிளும் பீச்சும் பூக்காதது ஏன்?

கேள்வி: ஐயா, ஆறு வயதான ரெட் டெலிசியஸ் ஆப்பிள் மரங்களும் சில பீச் மரங்களும் வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு குளிர்காலத்தில் பகல் வெயில் அதிகமாக இருந்தது. இப்போது ஆப்பிளில் கிளை நுனியில் மட்டும் இலை வந்திருக்கிறது, நடுக்கிளை மொட்டையாக நிற்கிறது. பூ ஒன்றிரண்டாக வாரக்கணக்கில் வருகிறது. பீச்சில் பூமொட்டு திறக்காமலே உதிர்ந்துவிட்டது. தழைச்சத்து இன்னும் கொடுக்கச் சொல்கிறார்கள். இரவில் 7 டிகிரிக்குக் கீழே போகும்போது குளிர் எப்படிப் போதாமல் போகும்? ஒரு நாளின் வெப்பநிலைக் குறிப்பை மணிவாரியாக அனுப்பியிருக்கிறேன். குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

பதில்: முதலில் தழைச்சத்தை நிறுத்துங்கள். சத்துக் குறைவாக இருந்தால் மரம் முழுவதும் ஒரே மாதிரி வெளிறும், தளர்ந்து நிற்கும். நுனி மொட்டு விழித்துப் பக்க மொட்டுகள் தூங்குவது குளிர் போதாத மரத்தின் அடையாளம். நுனி மொட்டுக்குக் குறைந்த குளிரே போதும், பக்க மொட்டுகளுக்கு அதிகம் வேண்டும். அதனால்தான் உங்கள் கிளைகள் நடுவில் மொட்டையாக நிற்கின்றன. பீச் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். குளிர் போதாத பூமொட்டைக் கிளையிலேயே உதிர்த்துவிடும். உறைபனிதான் காரணமோ என்ற ஐயம் இருந்தால் உதிர்ந்த மொட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவிலுள்ள சூலகம் மட்டும் கறுத்திருந்தால் பெரும்பாலும் பனியின் வேலை.

இனி உங்கள் கேள்வியின் உயிர்நாடிக்கு வருகிறேன். குளிர்காலத்தில் மொட்டு உறங்குவது வெளியே குளிராக இருப்பதால் மட்டும் அல்ல, மொட்டுக்குள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டு இருக்கும்வரை வெயில் அடித்தாலும் மொட்டு விரியாது. பூட்டை மெல்லத் தளர்த்துவது நீண்ட நாள் குளிர்தான். பீச்சில் இதற்குப் பொறுப்பான மரபணுத் தொகுதியையே அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதை இழந்த ஒரு பீச் வகை குளிர்காலத்திலும் உறங்காமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. குளிர் சேரச் சேர இந்த மரபணுக்களின் செயல்பாடு அடங்குகிறது.

எவ்வளவு குளிர் என்பதை அளக்கப் பழைய முறை எளிது. 7.2 டிகிரிக்குக் கீழே இருந்த மணி நேரங்களைக் கூட்டினால் போதும். ரெட் டெலிசியஸ் போன்ற வகைகளுக்கு 800 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். உங்கள் குறிப்பை இந்த முறையில் பார்த்தால், ஒரு நாளில் 4 முதல் 7 டிகிரிக்குள் 8 மணி நேரம். 90 நாளுக்கு 720. கொஞ்சம்தானே குறைகிறது என்று தோன்றும், நீங்கள் குழம்பியதும் இங்கேதான்.

இந்தக் கூட்டலில் பகல் வருவதே இல்லை. 1974-ல் அமெரிக்காவின் யூட்டாவில் பீச் மரங்களை வைத்து உருவாக்கிய கணக்கு பகலையும் சேர்த்துக்கொள்கிறது. 2.5 முதல் 9.1 டிகிரிவரை இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓர் அலகு. 9.2 முதல் 12.4 வரை அரை அலகு. 12.5 முதல் 15.9 வரை எதுவும் சேராது. அதற்கு மேல் 18 டிகிரிவரை அரை அலகு கழியும், 18-ஐத் தாண்டினால் ஒரு மணிக்கு ஓர் அலகு கழியும்.

உங்கள் நாளை இதில் போட்டேன். இரவின் 8 மணி நேரத்துக்கு 8 அலகு. 9.5 முதல் 12 வரை இருந்த 3 மணி நேரத்துக்கு ஒன்றரை. 13 முதல் 15 வரை இருந்த 5 மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை. 16 முதல் 18 வரை இருந்த 2 மணி நேரம் ஓர் அலகைக் கழித்தது. 18-க்கு மேல் போன 6 மணி நேரம் ஆறைக் கழித்தது. மிச்சம் இரண்டரை. 90 நாளுக்கு 225 அலகுதான் தேறுகிறது. இரவு சேர்த்ததைப் பகல் தின்றுவிட்டது.

இந்த 225-ஐ அப்படியே நம்ப வேண்டாம். இதமான குளிர்காலம் உள்ள இடங்களில் யூட்டா கணக்கு வெயிலை மிகையாகத் தண்டிக்கிறது. 1987-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் வேறொரு கணக்கைத் தந்தார்கள். அதன்படி, குளிரில் மொட்டுக்குள் முதலில் உருவாகும் பொருளை வெயில் அழித்துவிட முடியும், ஆனால் அது ஓர் அளவு சேர்ந்து நிலைத்துவிட்டால் பிறகு வெயிலால் தொட முடியாது. உங்கள் மரங்கள் பெற்ற குளிர் 225-க்கும் 720-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் ரெட் டெலிசியஸுக்குப் போதாது.

பூ வாரக்கணக்கில் வருவதில் இன்னொரு நட்டமும் உண்டு. ஆப்பிளுக்குப் பெரும்பாலும் வேறு வகை மரத்தின் மகரந்தம் வேண்டும். இரண்டு வகைகளுக்கும் குளிர்த் தேவை வேறாக இருந்தால், குளிர் குறைந்த ஆண்டில் ஒன்று பூத்து ஓய்ந்த பின்பே மற்றது பூக்கும். பூ இருந்தும் காய் பிடிக்காது.

அடுத்த குளிர்காலத்தில் கணக்கை மட்டும் நம்பாமல் மரத்திடமே கேளுங்கள். குளிர்காலத்தின் பின்பாதியில், பத்து நாளுக்கு ஒரு முறை, ஒரு முழம் நீளமுள்ள சில குச்சிகளை வெட்டி, அடியைத் தண்ணீரில் வைத்து 20 முதல் 25 டிகிரி உள்ள அறையில் வைத்துவிடுங்கள். தண்ணீரை மாற்றி, அடியைச் சில நாளுக்கொரு முறை புதிதாக நறுக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பாதி மொட்டாவது பச்சை காட்டினால் பூட்டு திறந்துவிட்டது. நுனி மட்டும் விரிந்தால் குளிர் இன்னும் தேவை.

மொட்டைத் தூண்டும் ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைப் பலர் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் தேவையான குளிரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காவது சேர்ந்திருக்க வேண்டும். குளிரே இல்லாத இடத்தில் அது குளிரைத் தராது. மொட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே தெளிக்க வேண்டும், தாமதித்தால் பூமொட்டு கருகும். பீச், பிளம்ஸ் போன்றவற்றுக்கு ஆப்பிளைவிடக் குறைந்த அளவே தாங்கும். நஞ்சு மிகுந்தது. தெளிப்பவர் முன்னும் பின்னும் சில நாட்கள் மதுவைத் தொடவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு அனுமதி இல்லை, உங்கள் நாட்டில் அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிளுக்குத் தோட்டக்கலைக் கனிம எண்ணெய்த் தெளிப்பு இதைவிடச் சாது, பலனும் குறைவு.

இப்படியே இன்னும் இரண்டு குளிர்காலம் போனால் வகையை மாற்றுவதே நல்லது. மரத்தைப் பிடுங்க வேண்டாம், மேல்கிளைகளில் ஒட்டுக் கட்டலாம். ஆப்பிளில் அன்னா 200 முதல் 300 மணி நேரக் குளிரிலேயே பூக்கும், மகரந்தத்துக்கு அதே காலத்தில் பூக்கும் டார்செட் கோல்டனைச் சேர்த்துக் கட்டுங்கள். பீச்சில் ஃப்ளோரிடாவில் உருவான குறைகுளிர் வகைகள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: இவை சீக்கிரம் விழிப்பதால், இரவில் இப்போதும் உறைபனி விழும் இடமானால் பூவைப் பனி பிடிக்கும்.

மொட்டையாக நிற்கும் கிளைகளை இப்போது வெட்டிவிடாதீர்கள். உறங்கும் மொட்டு பல வாரம் கழித்தும் விரியலாம். செங்குத்தாகப் போகும் ஆப்பிள் கிளைகளைக் கயிறு கட்டிச் சாய்வாக இழுத்து விடுங்கள், நுனியின் ஆதிக்கம் குறைந்து பக்க மொட்டுகள் சில எழும். அடுத்த பருவத்தில், மொட்டு விழிக்கும் தறுவாயில், கிளை வேண்டும் என்று நினைக்கும் மொட்டுக்குச் சற்று மேலே பட்டையில் மட்டும் சிறு கீறல் போடுங்கள். பட்டை முழு ஆழமும் அறுபட்டால் போதும், கட்டைக்குள் இறங்க வேண்டாம்.