காபிப்பொடி பாக்கெட் விலை ஏன் ஏறுகிறது?

கேள்வி: பக்கத்துல தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலையிலயே காபி விளையுது. அப்புறம் பிரேசில்ல பனி விழுந்தா மதுரையில ஏன் காபிப்பொடி விலை ஏறணும்?

பதில்:

மதுரையில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். இதே கேள்வியைக் கல்லாவுக்கு எதிரே நின்று கேட்காத ஆளில்லை.

இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதி ஆகிறது. அதனால் தாண்டிக்குடித் தோட்டக்காரர் நமக்காகத் தனி விலை வைப்பதில்லை. ஏற்றுமதிக்காரர் என்ன தருவாரோ அதை நானும் தந்தால்தான் மூட்டை மலையிறங்கி என் கடைக்கு வரும். காபியில் அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு வகை. ஏற்றுமதிக்காரரோ அராபிகாவுக்கு நியூயார்க் சந்தையையும் ரொபஸ்டாவுக்கு லண்டன் சந்தையையும் பார்த்து விலை சொல்கிறார். சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கூட இப்போது போனை எடுத்ததும் “நியூயார்க் எவ்வளவுண்ணே?” என்றுதான் ஆரம்பிக்கிறார்.

உலகக் காபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிரேசிலில் விளைகிறது. 2021 ஜூலையில் அங்கே உறைபனி விழுந்து செடிகள் கருகின. அந்த வருட அறுவடை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஆனாலும் விலை உடனே ஏறியது, ஏனென்றால் சந்தை வாங்கி விற்பது வரப்போகிற விளைச்சலை. கருகிய செடியை அடியோடு வெட்டிவிட்டால் மறுபடி ஒழுங்காகக் காய்க்க இரண்டு மூன்று வருடமாகும். 2024-இல் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. வழக்கமாக அராபிகா ஏறினால் கலவையில் ரொபஸ்டாவைக் கொஞ்சம் கூட்டிச் சமாளிப்போம். ரொபஸ்டா அதிகம் விளைவது வியட்நாமில்தான் என்பதால் அந்தக் கதவும் அடைபட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். 80-க்கு 20 சிக்கரி கலந்த அரைக்கிலோ பாக்கெட்டில் காபி 400 கிராம். வறுக்கும்போது ஈரம் போய் எடை ஆறில் ஒரு பங்கு குறையும். ஆக, பச்சைக்கொட்டை 480 கிராம் வேண்டும். 2024 தொடக்கத்தில் நியூயார்க்கில் அராபிகா ஒரு பவுண்டு சுமார் 2 டாலர். டாலர் 83 ரூபாய். அந்தக் கணக்கில் கிலோ 366 ரூபாய், பாக்கெட்டுக்குள் போகும் கொட்டை மட்டும் 176 ரூபாய். 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. 4 என்றே வைத்துக்கொண்டாலும், டாலர் அதே 83-இல் நின்றிருந்தால் 351 ரூபாய். அதற்குள் டாலர் 87 ஆகிவிட்டதால் 368. அதாவது வானிலையும் அதை வைத்து நடந்த வியாபாரமும் ஏற்றியது 175 ரூபாய் என்றால், ரூபாய் இறங்கியதால் கூடியது 17. நம் ஊரில் வாங்கும் விலை தரத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் போக்கு இதுதான். நம்மூர்க் கொட்டைக்கு டாலர் எதற்கு என்று கேட்கலாம். ஏற்றுமதிக்காரருக்கு வருவது டாலர். அது கூடுதல் ரூபாயாக மாறினால் அவரால் தோட்டக்காரருக்குக் கூடுதலாகத் தர முடியும். நானும் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும்.

அப்படியானால் நம் மலையில் பெய்யும் மழைக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் வேறு இடத்தில். மாசி பங்குனியில் நல்ல மழை ஒன்று பெய்தால் எட்டுப் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாய்ப் பூத்துவிடும். அந்த மழை தவறினால் பூ ஒழுங்காகப் பிடிக்காது. கார்த்திகையில் பழம் பழுத்து நிற்கும்போது விடாமல் பெய்தால் பழம் வெடித்து உதிரும். பறித்ததும் காயாமல் பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்ட மூட்டையைப் பிரித்ததுமே ஈரச்சாக்கு வாடை தெரியும், வறுத்தாலும் டிகாஷனில் அது போகாது. இதில் அடிபடுவது தோட்டக்காரரின் வருமானமும் கொட்டையின் தரமும்தான். இந்த மலையின் விளைச்சல் உலகக் கணக்கில் மிகச் சிறியது; இங்கே குறைந்தால் நியூயார்க் திரும்பிக்கூடப் பார்க்காது. விளைச்சல் குறைந்த வருடத்தில் உலக விலையும் இறங்கிவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

சந்தை இறங்கியதும் பாக்கெட் விலை ஏன் இறங்கவில்லை என்றும் கேட்பீர்கள். ஏற்றத்தில் வாங்கிய மூட்டை தீர வேண்டும், அது ஒன்று. கூலி, மின்கட்டணம், கவர் எல்லாம் ஏறியபடியே இருக்கும், அது இன்னொன்று. வாடிக்கையாளர் புது விலைக்குப் பழகிவிட்டார் என்று அப்படியே விட்டுவிடும் கடைகளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

என்னைக் கேட்டால், விலை ஏறிய பாக்கெட்டைவிட ஏறாத பாக்கெட்டைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எடை குறைந்திருக்கலாம், அல்லது சிக்கரி கூடியிருக்கலாம். சிக்கரி 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே அனுமதிக்கிறது. எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு தம்ளர் பச்சைத்தண்ணீரில் பொடியைத் தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்புக் கோடு விட்டபடி அடிக்கு இறங்கும்.