பதிவை நிறுத்திவைத்த காலம் நோட்டரி தகுதியில் சேருமா?

"2017 ஆகஸ்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்தேன். 2020 ஆகஸ்ட் முதல் 2 வருடம் கம்பெனி வேலைக்காகப் பதிவை நிறுத்தி வைத்திருந்தேன். பெண்களுக்கு 7 வருடம் போதும் என்கிறார்கள், எப்போது விண்ணப்பிக்கலாம்? திருமணத்துக்கும் சான்று தரலாமா?"

7 வருடம் சரிதான் மேடம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 7, மற்றவர்களுக்கு 10. ஆனால் 1956 நோட்டரி விதிகள் கேட்பது விண்ணப்பத் தேதிக்கு முன் வழக்கறிஞராகத் தொழில் செய்த காலத்தை. பதிவை நிறுத்தியிருந்த 2 வருடம் அதில் வராது. 2020 வரை 3, 2022 ஆகஸ்டிலிருந்து 4 என்று கூட்டினால் 2026 ஆகஸ்டில்தான் 7 நிறைகிறது. அதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டாம். பார் கவுன்சில் ஆவணத்தில் இடைவெளி தெரிந்துவிடும்.

திருமணத்துக்குக் கண்டிப்பாகக் கூடாது. நோட்டரி திருமண அதிகாரி அல்ல. திருமண, விவாகரத்துப் பத்திரங்களை எழுதிக்கொடுக்க அதிகாரமில்லை என்று மத்திய சட்ட அமைச்சகமே 2024-இல் தெளிவுபடுத்தியது. ஒருவர் உங்கள் முன் உறுதிமொழி கூறிக் கையெழுத்திட்டால் அஃபிடவிட்டுக்குச் சான்று தரலாம். அசலோடு ஒப்பிட்டபின் நகலுக்கும் தரலாம். கையெழுத்திட்டவர் நேரில் வராத தாளில் மட்டும் முத்திரை வைத்துவிடாதீர்கள். பிற்பாடு அவர் "நான் போடவே இல்லை" என்றால், உங்கள் நோட்டரி பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.