தீக்காப்பீடு மட்டும் போதுமா?

“கடலூரில் சிறிய உணவகம் வைத்திருக்கிறேன். கடன் தந்த வங்கி 4 லட்சத்துக்குத் தீக்காப்பீடு எடுத்துள்ளது. போதுமா?”

போதாது, ஐயா. வங்கி பெரும்பாலும் தன் கடன் தொகைக்கே காப்பீடு எடுக்கும். உங்கள் அடுப்பு, புகைபோக்கி, சரக்கு எல்லாம் சேர்ந்து 8 லட்சம் பெறுமானால், எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து 2 லட்சம் நட்டமாகும்போது, பாதி மதிப்புக்கே காப்பீடு இருப்பதால் ஏறக்குறைய 1 லட்சம்தான் கிடைக்கும். ஆகவே முழு மதிப்புக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். சமையலறையில் வீட்டு உபயோக சிலிண்டர் ஒன்றுகூட இருக்க வேண்டாம். கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடும். 19 கிலோ வணிக சிலிண்டரின் ரசீதுகளைக் கடைக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள்.

2011 டிசம்பர் தானே புயலுக்குப் பின் நம் ஊரில் பல நாள் மின்சாரம் இல்லை. அப்படி ஃப்ரீசரில் கெடும் வஞ்சிரத்துக்கும் இறாலுக்கும் தீக்காப்பீடு பணம் தராது. குளிர்பதனச் சரக்குக் கெடுதலுக்குத் தனிக்காப்பீடு கேளுங்கள். மின்வாரியத் தடையும் அதில் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கொதிக்கும் சாம்பார் சிந்தி வாடிக்கையாளர் காயமடைந்தால் பொதுப் பொறுப்புக் காப்பீடுதான் கைகொடுக்கும். உணவு நஞ்சாதலையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.